சீட் கிடைத்தும் கை நழுவும் ஆபத்து: என்ஜினீயரிங் ஒதுக்கீட்டு கடிதத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

விக்கிரமங்கலம்:

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பக்கம் பிளஸ்-2 முடித்து, என்ஜினீயரிங் ஆன்லைன் கவுன்சிலிங்கில் கலந்து கொள்ளும் மாணவ-மாணவிகளின் வீடுகளில் எல்லா வருஷமும் கேட்கும் பேச்சு, "சீட் கிடைச்சாச்சு, இனிமே பணத்தைப் பொரட்டுனா போதும்" என்பதுதான். ஆனால் போதாது. வந்திருப்பது எந்தக் கடிதம், பணத்தை எங்கே கட்டச் சொல்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டதால் சீட்டை இழந்தவர்கள் உண்டு.

முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடு. இது கம்ப்யூட்டர் "உனக்கு இந்த காலேஜ், இந்தப் பிரிவு" என்று காட்டுவது மட்டுமே. 2 நாளுக்குள் அதே இணையப் பக்கத்தில் நுழைந்து பதில் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு சும்மா இருந்தால் சீட் நிற்காது. பதில் சொன்ன பிறகு வருவதுதான் செல்லுபடியாகும் ஒதுக்கீட்டு கடிதம்.

எந்த பட்டனை அழுத்தினீர்கள்?

பதில் சொல்லும் இடத்தில்தான் குழப்பமே. கிடைத்த இடம் பிடித்திருந்தால் Accept and Join. இடத்தை வைத்துக்கொண்டு இதைவிட மேலான காலேஜுக்கும் காத்திருப்பதாக இருந்தால் Accept and Upward. Decline and Upward என்பது கையில் இருப்பதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது. துணிச்சல்காரர்களுக்குத்தான் அது சரி.

உதாரணத்துக்கு, கூலி வேலை பார்க்கும் ஒருவரின் மகள் 12 காலேஜ்களை வரிசையாக போட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தது 5-வதாக போட்டது. Accept and Join கொடுத்தால், கடிதத்தில் அச்சாகியிருக்கும் தேதிக்குள் நேராக அந்த காலேஜுக்கே போய் பணம் கட்டி சேர வேண்டும். Accept and Upward கொடுத்தால் காலேஜுக்குப் போகக்கூடாது. கவுன்சிலிங் உதவி மையத்தில்தான் சொன்ன தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் கட்டியதாக கணக்கில் ஏறாது.

மேலே காத்திருப்பது என்றால் அவள் போட்ட முதல் 4 இடங்கள் மட்டும்தான். அந்த இடங்களில் சீட் கிடைத்த யாராவது தேதிக்குள் சேராமல் போனால், அது வரிசைப்படி இவளுக்கு வரலாம். வந்துவிட்டால் 5-வது இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. தூரம் என்று யோசிக்காமல் சென்னை காலேஜை முதலில் போட்டிருந்தால், ஹாஸ்டல் செலவுக்கும் தயாராக இருக்க வேண்டியதுதான்!

கடைசி நாள் என்றால் கடைசி நாள்தான். அன்றைக்கு ஞாயிறா, பேங்க் லீவா என்று காலண்டரைப் பார்த்து, ஒரு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. தேதி தாண்டினால் அந்த சீட் காத்திருக்கும் இன்னொருவருக்கு போய்விடும்.

முதல் பட்டதாரி சலுகை

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் கல்விக்கட்டணச் சலுகை உண்டு. விண்ணப்பத்திலேயே இதைக் குறிப்பிட்டு, இ-சேவை மையம் வழியாக வாங்கிய சான்றிதழையும், மாணவர்-பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் கொடுத்திருக்க வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பி, தங்கைக்கு கிடையாது.

இன்னொன்று, இந்தச் சலுகை கல்விக்கட்டணத்துக்கு மட்டும்தான். பஸ், ஹாஸ்டல், மற்ற கட்டணங்கள் தனி. அதனால் கிளம்பும் முன்பே காலேஜுக்கு போன் செய்து, "சலுகை போக முதல் நாள் எவ்வளவு கட்டணும்? ரொக்கமா, டி.டி.யா, ஆன்லைனா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் வாங்கியவர்களின் கல்வி, ஹாஸ்டல் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. இவர்களிடம் கல்விக்கட்டணம் கேட்டால் கடிதத்தில் உள்ள ஒதுக்கீட்டுப் பிரிவைக் காட்டலாம்.

எடுத்துப் போக வேண்டியவை

ஒதுக்கீட்டு கடிதம், 10, பிளஸ்-1, பிளஸ்-2 மார்க் ஷீட், டி.சி., சாதி சான்றிதழ், ஆதார், போட்டோ. முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் அதுவும். எல்லாவற்றிலும் 3 செட் ஜெராக்ஸ். டி.சி.யை காலேஜில் கொடுத்துவிடுவோம் என்பதால் அதற்கு முன்பே நகல் எடுத்து வைப்பது அவசியம். பெயர், இன்ஷியல் எல்லா தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளலாம்.

மார்க் ஷீட் போன்ற அசல்களை சரிபார்த்துவிட்டு திருப்பித்தர வேண்டும், நிறுத்தி வைக்கக்கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. "ஆபீசிலேயே இருக்கட்டும்" என்று சொன்னால், என்னென்ன கொடுத்தோம் என்று எழுதி சீல் வைத்த ரசீதாவது கேட்டு வாங்குவது நல்லது. பணம் கட்டிய ரசீதிலும் கல்விக்கட்டணம் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று தனித்தனியாக போட்டிருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிட வேண்டும்.