திட்டத்தைக் குறைத்தால் மிச்சப் பணம் எங்கே போகிறது?

முன்பணம் வாங்கும் இணையச் சந்தாக்களில் பெரிய திட்டத்துக்கு ஏறுவது சில நொடி வேலை. மாற்றம் உடனே நடைமுறைக்கு வந்துவிடும். சிறிய திட்டத்துக்கு இறங்கும்போது மட்டும் ‘அடுத்த புதுப்பிப்பு நாளிலிருந்து’ என்ற பதில் வருகிறது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் இதுவே விதி. ஏறினால் புதிய திட்டம் அப்போதே தொடங்கும், பழையதில் மிஞ்சிய நாள்களுக்கான பணம் திரும்பும். இறங்கினால் கட்டிய காலம் முடியும்வரை பழைய திட்டமே ஓடும்.

காரணம், சந்தாதாரர் வாங்கியிருப்பது ஒரு காலப் பகுதி. அதற்குப் பணம் கட்டி, பில்லும் போட்டாயிற்று. நடுவில் இறங்குவது என்றால் அந்தக் காலத்தின் ஒரு பகுதியை நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்வது என்று பொருள். இந்தியாவில் ஜிஎஸ்டி பில் கொடுத்த பிறகு தொகையைக் குறைப்பதற்கு கிரெடிட் நோட் எழுத வேண்டும். பணத்தை கார்டுக்குத் திருப்பினாலும், முதலில் பணம் வாங்கியபோது கழிந்த பரிவர்த்தனைக் கட்டணம் பெரும்பாலும் நிறுவனத்துக்குத் திரும்புவதில்லை. இதைவிடப் பெரிய கவலை வேறு. பெரிய திட்டத்தை எடுத்து, கனமான வேலைகளை இரண்டே நாளில் முடித்துக்கொண்டு, மறுநாளே இறங்கி மீதிப் பணத்தைக் கேட்க வழி திறந்துவிடும்.

காத்திருப்பதில் சந்தாதாரருக்கும் லாபம் உண்டு. காசு கொடுத்த வசதி கடைசி நாள்வரை கையில் இருக்கும். சேமிப்பிடத் திட்டம் என்றால், சிறிய அளவுக்குள் அடங்காத கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கும்.

சில சேவைகள் உடனே இறக்கிவிடும். அங்கேதான் மிச்சப் பணம் பற்றிய கேள்வி எழுகிறது. மாதம் 600 ரூபாய்த் திட்டத்தில் இருப்பவர், 30 நாளில் 10 நாள் கழிந்ததும் 300 ரூபாய்த் திட்டத்துக்கு மாறுகிறார் என்று கொள்வோம். பழைய திட்டத்தில் பயன்படுத்தாத 20 நாளின் மதிப்பு 400 ரூபாய். அதே 20 நாளுக்குப் புதிய திட்டத்தின் விலை 200 ரூபாய். கழித்தால் 200 ரூபாய் மிஞ்சும். பல நிறுவனங்கள் பில் போடப் பயன்படுத்தும் ஸ்ட்ரைப் இப்படித்தான் கணக்கிடுகிறது. அதன் பில்லில் Unused time என்ற வரி கழித்தல் குறியோடும், Remaining time என்ற வரி கூட்டலாகவும் வரும். மிஞ்சிய 200 ரூபாய் வழக்கமாக கார்டுக்குப் போகாது. சந்தாதாரரின் கணக்கில் வரவாக நின்று, அடுத்த 300 ரூபாய் பில்லில் கழிந்துவிடும். அப்போது கட்ட வேண்டியது 100 ரூபாய்தான்.

கூகுள் பிளேயில் ஆப் தயாரிப்பவர் தேர்ந்தெடுக்கக்கூடிய இன்னொரு முறை, மிச்சத்தை நாள்களாக மாற்றுகிறது. அதே 400 ரூபாய் மதிப்பு, நாளுக்கு 10 ரூபாய் விலையுள்ள புதிய திட்டத்தில் 40 நாளாகும். அதுவரை பணம் பிடிக்கப்படாது. பணம் திரும்பவில்லையே என்று கோபப்படுவதற்கு முன் அடுத்த பில் தேதியைப் பார்ப்பது நல்லது. மிச்சம் அங்கே நாள்களாக ஒளிந்திருக்கலாம்.

ஆண்டுச் சந்தாவில் இந்தத் தொகை பெருகிவிடும். 6,000 ரூபாய் கட்டி மூன்று மாதத்தில் மாதம் 300 ரூபாய்த் திட்டத்துக்கு உடனே இறங்கினால் மிச்சம் 4,500 ரூபாய், அதாவது பதினைந்து மாத பில். அதற்குள் சந்தாவை ரத்து செய்பவருக்கு அந்த வரவு ரொக்கமாகத் திரும்புமா என்பது அந்தச் சேவையின் விதியைப் பொறுத்தது. ஸ்ட்ரைப் போன்ற அமைப்பில் நிறுவனம் தானாக முன்வந்து திருப்பினால்தான் உண்டு. ஆகவே ஆண்டுச் சந்தாவைக் குறைப்பவர் பொத்தானை அழுத்துமுன் ரத்து விதியைப் படிப்பது அவசியம்.

புதுப்பிப்பு நாளுக்கு ஒத்திவைத்த மாற்றம், அந்த நாள் வரும்வரை வெறும் பதிவுதான். இடையில் மனம் மாறி மறுபடி ஏறினால் அந்தப் பதிவு ரத்தாகிவிடும். கடைசி நேரத்தில் செய்தாலும் சிக்கல்: ஆப்பிள், புதுப்பிப்புக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளேயே பணம் பிடித்துவிடக்கூடும். மாற்றம் பதிவாகியிருந்தால் சந்தாப் பக்கத்தில் புதிய திட்டத்தின் பெயரும் அது தொடங்கும் தேதியும் தெரியும். இந்தியாவில் தானியங்கிப் பணப்பிடிப்புக்கு ஒப்புதல் கொடுத்தவர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தொகையைக் குறிப்பிட்டு அறிவிப்பு வர வேண்டும். அதில் பழைய தொகையே இருந்தால் மாற்றம் பதிவாகவில்லை என்று கொண்டு, பணம் போவதற்குள் சேவை நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாம். அந்த ஒரு பிடிப்பை மட்டும் நிறுத்திவைக்கவும் அந்த அறிவிப்பிலேயே வழி இருக்கும்.