ஜாப் ஒர்க் பட்டறையின் குறிப்பேடும் இருப்பாய்வும்

ஒவ்வொரு நடவடிக்கையிலும் எந்தக் கணக்கைப் பற்று வைப்பது, எதை வரவு வைப்பது என்று முடிவு செய்து, தேதி வரிசைப்படி முதலில் எழுதும் ஏடு குறிப்பேடு எனப்படும். அப்பதிவுகளைப் பேரேட்டில் எடுத்தெழுதி, ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் பற்று, வரவு என இரு பத்திகளில் பட்டியலிடுவது இருப்பாய்வு ஆகும். இக்கட்டுரை திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் பரவலாக உள்ள ஜாப் ஒர்க் பட்டறையைக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

## பின்னணி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இலும், ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் தொழிற்சாலை 2010இலும் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் வழங்கும் நிறுவனங்கள் கடைசல், துளையிடல் போன்ற வேலைகளைச் சிறு பட்டறைகளிடம் கொடுப்பதுண்டு. பொருள் நிறுவனத்துடையது, பட்டறை பெறுவது வேலைக்கான கூலி மட்டுமே.

## பற்று, வரவு விதிகள்

- ஆள்சார் கணக்கு: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை.
- சொத்துக் கணக்கு: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை.
- பெயரளவுக் கணக்கு: செலவு, நட்டத்தைப் பற்று வை, வருமானம், ஆதாயத்தை வரவு வை.

பேச்சு வழக்கில் பணம் வந்தால் 'வரவு' என்கிறோம். கணக்கேட்டிலோ வங்கிக்குப் பணம் வந்தால் வங்கிக் கணக்கு பற்று வைக்கப்படும். மாணவர்கள் முதலில் இடறும் இடம் இதுவே.

## எடுத்துக்காட்டு

கற்பனையான ஒரு பட்டறையின் முதல் மாத நடவடிக்கைகள் இவை (எளிமைக்காக ஜிஎஸ்டி, தேய்மானம் விடப்பட்டுள்ளன):

| நடவடிக்கை | பற்று | வரவு | ரூ. |
|---|---|---|---|
| உரிமையாளர் வங்கியில் இட்ட முதல் | வங்கி | முதல் | 3,00,000 |
| லேத் இயந்திரம் வாங்கியது | இயந்திரம் | வங்கி | 1,80,000 |
| லேத்தைக் கொண்டுவந்த வண்டி வாடகை | இயந்திரம் | வங்கி | 5,000 |
| வெட்டுக் கருவிகள், கடனுக்கு | கருவிச் செலவு | கடை (கடனீந்தோர்) | 12,000 |
| நிறுவனத்துக்கு அனுப்பிய கூலி பில் | நிறுவனம் (கடனாளி) | ஜாப் ஒர்க் வருமானம் | 60,000 |
| அதில் வங்கிக்கு வந்தது | வங்கி | நிறுவனம் | 40,000 |
| சம்பளம் | சம்பளம் | வங்கி | 25,000 |
| சொந்தச் செலவுக்கு எடுத்தது | எடுப்புகள் | வங்கி | 10,000 |

வண்டி வாடகை பொதுவாகச் செலவு. ஆனால் இங்கே லேத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர ஆன செலவு என்பதால் இயந்திரத்தின் அடக்கவிலையோடு சேர்கிறது.

அதே மாதம் கடைசலுக்காக நிறுவனம் ரூ. 2,00,000 மதிப்புள்ள எஃகுத் தண்டுகளை அனுப்பியது. அவை வாசல் வழியே உள்ளே வந்தன. ஆயினும் குறிப்பேட்டில் பதிவு இல்லை. 'உள்ளே வருவது' என்று விதி சொல்வது பட்டறைக்கு உரிமையாகும் சொத்தைத்தான். தண்டுகளை டெலிவரி சலான் எண்ணுடன் தனிப் பதிவேட்டில் அளவாகக் குறித்து வைத்தால் போதும். ஜிஎஸ்டி சட்டப்படி இத்தகைய பொருள் பொதுவாக ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பதாலும் அப்பதிவேடு தேவை.

## இருப்பாய்வு

| கணக்கு | பற்று (ரூ.) | வரவு (ரூ.) |
|---|---|---|
| வங்கி | 1,20,000 | |
| இயந்திரம் | 1,85,000 | |
| கருவிச் செலவு | 12,000 | |
| நிறுவனம் | 20,000 | |
| சம்பளம் | 25,000 | |
| எடுப்புகள் | 10,000 | |
| முதல் | | 3,00,000 |
| கடை | | 12,000 |
| ஜாப் ஒர்க் வருமானம் | | 60,000 |
| மொத்தம் | 3,72,000 | 3,72,000 |

## இருப்பாய்வு காட்டும் பிழை

எடுப்புகள் ரூ. 10,000 தவறுதலாக வரவுப் பத்தியில் விழுந்தால், இரு மொத்தங்களுக்கும் ரூ. 20,000 வேறுபாடு வரும். வேறுபாட்டை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எந்த வரியில் உள்ளது என்று தேடுவது வழக்கம். 12,000 என்பதை 21,000 என்று இலக்கம் மாற்றி எழுதினால் வேறுபாடு 9,000. இவ்வகை வேறுபாடு எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும்.

## இருப்பாய்வு காட்டாத பிழை

எஃகுத் தண்டுகளைக் கொள்முதல் எனக் கருதி, கொள்முதல் கணக்கைப் பற்றும் நிறுவனத்தின் கணக்கை வரவும் வைத்துவிட்டதாகக் கொள்வோம். நிறுவனம் தர வேண்டிய ரூ. 20,000 மறைந்து, அதற்கு நாம் ரூ. 1,80,000 தர வேண்டியதாக மாறும். இருப்பாய்வின் இரு மொத்தங்களும் ரூ. 5,52,000 என்று சமமாகவே நிற்கும். வண்டி வாடகையைச் செலவில் எழுதும் விதிப்பிழையிலும் மொத்தம் மாறாது. இலாபம் மட்டும் ரூ. 5,000 குறையும்.

இருப்பாய்வு சோதிப்பது பற்றும் வரவும் சமமா என்பதை மட்டுமே. சரியான கணக்குகளைத் தேர்ந்தோமா என்பதை அன்று. எனவே மொத்தம் சமமான பிறகும் ஒவ்வொரு இருப்பும் இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் தர வேண்டிய வாடிக்கையாளர் வரவுப் பத்தியில் நின்றால், முன்பணம் ஏதும் வாங்கினோமா என்று பார்த்துவிட்டு, அக்கணக்கின் குறிப்பேட்டுப் பதிவுகளைப் பில், சலான்களோடு ஒப்பிடுவதே பிழையைக் கண்டறியும் வழி.