அம்பத்தூர் ஓ.டி.யை இயந்திரம் எப்படி வாசிக்கும்?

மின்தடை அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். "12.03.2025 அன்று 9-2 பராமரிப்புப் பணி காரணமாக அம்பத்தூர் ஓ.டி., சி.டி.எச். சாலை, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் 1-வது மெயின் ரோடு பகுதிகளில் மின்தடை. புகார்களுக்கு 9498794987." எடுத்துக்காட்டுக்காக எழுதியதுதான். ஆனாலும் நாளிதழின் மூலையில் இப்படி ஒன்றைப் பார்க்கும் அம்பத்தூர்க்காரர் எவரும் தடுமாறமாட்டார். அதையே எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளில் அப்படியே ஒட்டினால் கதை வேறு. தேதி "பன்னிரண்டு புள்ளி பூஜ்ஜியம் மூன்று" என்று தொடங்கலாம்; ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை என்பது கழித்தல் கணக்காகலாம்; புகார் எண் "தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது கோடியே" என்று கிளம்பலாம். குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இந்த அறிவிப்பால் யாருக்கும் பயனில்லை. இது குரலின் குறையன்று. கண்ணுக்காக எழுதியதைக் காதுக்குக் கொடுத்ததன் விளைவு. அச்சுக்கு ஒரு படி, குரலுக்கு ஒரு படி என்று இரண்டு படிகள் வேண்டும். இரண்டாவது படியை ஊரறிந்த ஒருவர்தான் எழுத வேண்டும் என்பது என் வாதம்.

எண்களிலிருந்தே தொடங்கலாம். இலக்கமாக எழுதிய எண்ணில், அதை எப்படிப் படிக்க வேண்டும் என்ற செய்தி இல்லை. 2.30 என்பது நேரமானால் இரண்டரை மணி, விலையானால் இரண்டு ரூபாய் முப்பது காசு, அளவானால் இரண்டு புள்ளி மூன்று. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணுப்பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும்போது சொல்லின் உருவமே மாறுகிறது. 2025-இல் என்பதை "இரண்டாயிரத்து இருபத்தைந்தில்" என்கிறோம். இயந்திரமோ எண்ணை முடித்து, நிறுத்தி, "இல்" என்பதைத் தனிச் சொல்லாக உச்சரிக்கக்கூடும். 1-வது என்பதும் "ஒன்று வது" என்று உடையலாம். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் அந்தச் சாலையை "ஃபர்ஸ்ட் மெயின் ரோடு" என்றுதான் சொல்கிறார்கள். அதை அப்படியே எழுத்தில் எழுதிவிடுவது நல்லது. மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு 2021-இல் கொடுக்கப்பட்ட 9498794987 என்ற எண், ஐந்து இலக்கங்கள் இருமுறை வருவதால் நினைவில் நிற்கிறது. அந்த அமைப்பு காதுக்கும் தெரிய வேண்டுமானால் "ஒன்பது நான்கு ஒன்பது எட்டு ஏழு" என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, மீண்டும் அதையே எழுத வேண்டும். அஞ்சல் குறியீடு 600053 வந்தால் இலக்கம் இலக்கமாகவோ, பழைய வழக்கப்படி "சென்னை ஐம்பத்து மூன்று" என்றோ எழுதலாம். "ஆறு லட்சத்து ஐம்பத்து மூன்று" என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலச் சொற்களின் சிக்கல் நம் எழுத்தின் இயல்பிலேயே இருக்கிறது. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒலி ஒன்றல்ல. இடத்தைப் பொறுத்து மாறும். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மையாகவும், இரு உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் மென்மையாகவும் ஒலிக்கும். சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்குப் பேச்சுக் கருவிகளை உருவாக்கியபோதும், தமிழுக்கென இத்தகைய விதிகளைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. தமிழ்ச் சொற்களுக்கு விதி நன்றாகவே பொருந்துகிறது. "இண்டஸ்ட்ரியல்" கூடத் தப்பித்துவிடுகிறது. ண-வுக்குப் பின் வரும் ட தானாக மென்மையாகிறது. ஆனால் "பஸ்", "டிப்போ", "கேட்" மூன்றும் வன்மையாகத் தொடங்கி அந்நியமாகிவிடலாம். இங்கே "பேருந்துப் பணிமனை" என்று எழுதினால் பொருளும் குறையாது, ஒலியும் பிசகாது. மாற்றுச் சொல் இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்திலேயே விட்டுக் கேட்டுப் பார்க்கலாம். சில கருவிகள் சரியாகச் சொல்லும். சில அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தொனியை மாற்றிக்கொள்ளும்.

இனி ஓ.டி. பழைய நகரம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. நடுவிலுள்ள புள்ளியை வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு கருவி "ஓ" என்று நின்றுவிடலாம். புள்ளியை நீக்கினால் "ஓடி" என்ற வினையெச்சமாகிறது, ட-வும் மென்மையாகிவிடுகிறது. "ஓ டீ" என்று இடைவெளி விட்டு நெடிலாக எழுதினால் ட சொல் முதலுக்கு வந்து, ஊரார் சொல்வது போலவே வன்மையாக ஒலிக்கும். சி.டி.எச். என்பதற்கும் இதே வழிதான்: "சி டீ எச்". எழுத்துப்பிழை போல இருக்கிறதே என்று தமிழாசிரியர்கள் வருந்துவது நியாயமே. அதனால்தான் குரல்படி தனியாக இருக்க வேண்டும் என்கிறேன். பேச்சுக் குறியீட்டு மொழியான SSML, 2004-இலேயே உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. அதை ஏற்கும் கருவியில் மூல எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஒலியை மாற்றலாம்:

```xml
<speak>
அம்பத்தூர் <sub alias="ஓ டீ">ஓ.டி.</sub> பகுதியில்
<break time="300ms"/>
காலை ஒன்பது மணி முதல்
</speak>
```

நிறுத்தத்தில் தமிழுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. வினை கடைசியில் வருவதால், முன்னால் அடுக்கிய எல்லாவற்றையும் கேட்பவர் சுமந்துகொண்டே இருக்க வேண்டும். காற்புள்ளி போட்டு மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. வாக்கியத்தையே உடைக்க வேண்டும். "காரணமாக", "என்பதால்", "வந்தால்" போன்றவற்றுக்குப் பின் நிறுத்தலாம். "நடைபெறும் பணி" போன்ற பெயரெச்சத் தொடரின் நடுவில் கூடாது. "அம்பத்தூருக்குச் செல்லும்" என்பதில் நிறுத்தம் வைக்க விரும்பினால் முதலில் அந்த "ச்" போக வேண்டும். இல்லையென்றால் சந்தி மெய் தனியே தொங்கும். இவ்வளவும் செய்தபின் நம் அறிவிப்பு இப்படி ஆகிறது: "அம்பத்தூர் மக்கள் கவனத்துக்கு. மார்ச் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, மின்தடை இருக்கும். காலை ஒன்பது மணி முதல், பிற்பகல் இரண்டு மணி வரை. ஓ டீ, சி டீ எச் சாலை, எஸ்டேட் ஃபர்ஸ்ட் மெயின் ரோடு ஆகிய இடங்களில் மின்சாரம் இருக்காது. புகார்களுக்கு, ஒன்பது நான்கு ஒன்பது எட்டு ஏழு. ஒன்பது நான்கு ஒன்பது எட்டு ஏழு." ஊர்ப்பெயர் முதலில் வந்தது தற்செயலன்று. அறிவிப்பு தனக்கானதா என்று தெரிந்த பிறகுதான் காது தேதியைப் பிடித்துக்கொள்ளும்.

புதிய நரம்பியல் வலைக் குரல்கள் இதையெல்லாம் தாமே கற்றுக்கொள்ளுமே என்று கேட்கலாம். பெருமளவு கற்றுக்கொண்டும் இருக்கின்றன. தேதிகளையும் ரூபாயையும் பல கருவிகள் இன்று சரியாகவே சொல்கின்றன. ஆனால் 9-2 என்பது நேரம் என்றோ, 1-வது மெயின் ரோட்டை ஊரார் எப்படிச் சொல்கிறார்கள் என்றோ அந்த எழுத்துகளுக்குள் எங்கும் இல்லை; கருவி ஊகிக்கத்தான் வேண்டும். தவறாக ஊகித்தாலும் குரல் தயங்காது என்பதால் கேட்பவருக்குச் சந்தேகமே எழாது. பேச்சுவழக்கிலேயே எழுதிவிட்டால் இயல்பாக இருக்காதா என்பது இன்னொரு கேள்வி. இந்தக் குரல்கள் பலவும் வாசிப்பு நடையில் பதிவு செய்யப்பட்டவை. "ஒம்போது மணிக்கு கரண்ட் போயிடும்" என்று கொடுத்தால் சொல் பேச்சாகவும் தொனி செய்தியாகவும் இருந்து, இரண்டும் ஒட்டாமல் கேட்கும். எளிய எழுத்துத் தமிழ், குறுகிய வாக்கியம் என்பதே இப்போதைக்குப் பாதுகாப்பான நடை.

அறிவிப்பை எழுதியவர் அதைச் சோதிக்கக் கூடாது. அவர் காதுக்கு எல்லாமே சரியாகத்தான் கேட்கும். எழுத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஒலியை ஒரே ஒருமுறை போட்டுக் காட்டி, தேதி, நேரம், இடம், தொலைபேசி எண் நான்கையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். அவர் எதை எழுதவில்லையோ, அந்த வரியைத் திருத்திய பிறகே அறிவிப்பை வெளியிடுங்கள்.