ஓவர்லாக் கையேட்டின் ஒரு பக்கம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின் இறங்கும்போது கூடவே ஒரு மெல்லிய கையேடு வரும். பெரும்பாலும் அது ஆபீஸ் அலமாரிக்குப் போய்விடும். மெஷினில் ஏதாவது தகராறு வந்தால், அதில் வேண்டிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புவார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பாதி அளவுகளின் அட்டவணை. மறுபாதி எண் போட்ட படமும் பாகங்களின் ஆங்கிலப் பெயர்களும். புதிதாகச் சேர்ந்த டெய்லரும் உதவி மெக்கானிக்கும் படித்துப் புரிந்துகொள்ளும்படி, அந்த ஒரு படத்திலிருந்து எளிய விளக்கங்களோடு ஒரு சொற்பட்டியல் எப்படி எழுதுவது? இரண்டு ஊசி, நான்கு நூல் ஓவர்லாக்கை எடுத்துக்கொள்வோம்.

வேலை படம் எடுப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. கையேட்டின் தாள் வழவழப்பானது. ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து நான்கைந்து வரிகளை மறைத்துவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், புத்தகத்தை நன்றாக விரித்து அழுத்தி, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். மடிப்பை ஒட்டிய எழுத்துகள் வளைந்து தெரியும் என்பதால் அந்தப் பகுதியைத் தனியாகக் கிட்டத்தில் ஒருமுறை எடுப்பது நல்லது. மாடல் எண் உள்ள அட்டையையும் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் உள்ள அளவுகள் அந்த மாடலுக்கு மட்டுமே உரியவை. மாடல் தெரியாத அளவு யாருக்கும் பயன்படாது.

அடுத்தது எழுத்தைப் படியெடுப்பது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும் வசதி இன்று பல போன்களில் இருக்கிறது. பெயர்களை அது ஓரளவு சரியாகத் தந்துவிடும். எண்களில்தான் கோட்டை விடும். 0.7 என்பதில் புள்ளி விழுந்து 07 ஆகும்; 7 என்பது 1 ஆகும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் இடப்பத்தியின் பெயரையும் வலப்பத்தியின் அளவையும் ஒரே வரியாகச் சேர்த்துவிடும். இந்தக் கடைசித் தவறு கண்ணில் படுவது கடினம். வரி பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், பொருள்தான் வேறாகியிருக்கும். அதனால் படத்தில் எத்தனை பாகங்களுக்கு எண் போட்டிருக்கிறதோ அத்தனை பெயர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வோர் அளவையும் வேறோர் இடத்தில் ஒத்துப் பார்க்க வேண்டும். ஊசி வகை DC×27 என்று எழுதியிருந்தால், ஊசிப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால் அதிலும் அப்படியே அச்சாகியிருக்கும். தையல் நீளத்தை ஒரு துண்டுத் துணியில் தைத்து ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். எப்படிப் பார்த்தும் தெளிவாகாத எண்ணுக்கு இடத்தைக் காலியாக விட்டு, பக்க எண்ணைக் குறித்து வைப்பதே சரி. ஊகித்து எழுதிய அளவை நம்பி ஒருவர் ஸ்க்ரூவைத் திருப்புவார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி விளக்கம் எழுதுவது. பலர் இங்கே அகராதியைத் திறப்பார்கள். அகராதி ஒரு சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தரும். அந்தப் பாகம் இந்த மெஷினில் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, கெட்டால் துணியில் என்ன தெரியும் என்பதைத் தராது. மெஷின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மூன்றும்தான் வேண்டும். நான் ஒரு விளக்கத்தை இந்த மூன்று கேள்விகளால்தான் சோதிப்பேன். மூன்றுக்கும் விடை இருந்தால் இரண்டு வரி போதும்.

பட்டியலிலேயே கடினமான சொல் டிஃபரன்ஷியல் ஃபீடு. அட்டவணையில் அதற்கு எதிரே 1:0.7 முதல் 1:2 வரை என்று இருக்கும். அவ்வளவுதான். இதைத் ‘துணியை வேறுபட்ட அளவில் ஊட்டும் முறை’ என்று எழுதி வைத்தால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. மெஷினைத் திறந்து பார்ப்போம். ஊசித் தட்டுக்கு அடியில் துணியைத் தள்ளும் பல், ஓவர்லாக்கில் முன்னும் பின்னுமாக இரண்டு உண்டு. பின்பல் ஒரு தையலுக்கு எவ்வளவு தூரம் நகர்கிறதோ அதுதான் தையல் நீளம். முன்பல்லை அதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ நகரும்படி வைக்கலாம். அந்த விகிதத்தில் முதல் எண் பின்பல்லுக்கு, இரண்டாம் எண் முன்பல்லுக்கு.

தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1:1.2 என்றால் முன்பல் ஒரு தையலுக்கு 3 மில்லிமீட்டர் துணியைக் கொண்டுவருகிறது, பின்பல் 2.5 மில்லிமீட்டர்தான் எடுத்துச் செல்கிறது. மிஞ்சும் அரை மில்லிமீட்டர் துணி தையலுக்குள் அடைபட்டு நெருங்குகிறது. விகிதத்தை 1:0.8 ஆக்கினால் முன்பல் 2 மில்லிமீட்டர்தான் தருகிறது, பின்பல்லோ 2.5 இழுக்கிறது. துணி நீண்டபடியே தைபடுகிறது. உண்மையில் பல்லுக்கு அடியில் துணி கொஞ்சம் வழுக்கும். கணக்கு காட்டும் அளவுக்கு முழுதாகச் சுருங்கவோ நீளவோ செய்யாது. திசை மட்டும் மாறாது.

இது ஏன் தேவை என்பது பின்னல் துணியைத் தைத்தவர்களுக்குத் தெரியும். பனியன் துணி இழுத்தால் நீளும். மேலே பாதம் அழுத்தி நிற்க, கீழே பல் இழுக்க, 1:1 விகிதத்திலேயே அது கொஞ்சம் நீண்டுவிடும். தைத்த பிறகு ஓரம் நேராகப் படுக்காது.

“அண்ணா, ஓரம் அலையலையா வருதுங்க.”

“முன்பல்லைக் கொஞ்சம் கூட்டி வெச்சுப் பாரு கண்ணு.”

தையல் லைனில் நடக்கும் இந்தப் பேச்சில், கையேடு சொல்லாமல் விட்ட முழு விளக்கமும் இருக்கிறது. நான் எழுதும் விளக்கம் இப்படி இருக்கும்: ‘டிஃபரன்ஷியல் ஃபீடு: முன்பல்லையும் பின்பல்லையும் வெவ்வேறு அளவு நகர வைக்கும் அமைப்பு. தைத்த ஓரம் அலையலையாக நீண்டால் இரண்டாம் எண்ணைக் கூட்ட வேண்டும். சுருங்கி மடிப்பு விழுந்தால் குறைக்க வேண்டும்.’

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விகிதத்தின் முதல் எண் எந்தப் பல்லைக் குறிக்கிறது என்று எல்லாக் கையேடுகளும் சொல்வதில்லை. சிலவற்றில் 1:2 என்பதன் பக்கத்தில் சுருக்கம் என்றும் 1:0.7 என்பதன் பக்கத்தில் நீட்டம் என்றும் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் போவது அந்தச் சின்ன எழுத்துதான். அப்போது துணியிடமே கேட்டுவிடலாம். ஒரே துணியில் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குத் துண்டுகள் வெட்டி, ஒன்றை இப்போதிருக்கும் நிலையிலும், மற்றொன்றை லீவரை ஒரு பக்கம் நகர்த்தியும் தைத்து, இரண்டையும் மேசையில் இழுக்காமல் படுக்க வைத்து அளக்க வேண்டும். எது குட்டையாக இருக்கிறதோ அதில் முன்பல் கூடுதலாக நகர்ந்திருக்கிறது. அந்த விடையைப் பட்டியலில் எழுதும்போது, கையேட்டில் பார்த்ததா, தைத்துப் பார்த்ததா என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

லூப்பர் என்ற சொல்லுக்கு வேறு விதமான கவனம் வேண்டும். தையல் மெஷின் என்றாலே பாபின் இருக்கும் என்று நினைத்து, ‘கீழ்நூலைத் தருவது’ என்று சுருக்கமாக எழுதிவிடத் தோன்றும். ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. எல்லா நூலும் மேலே வைத்த கோன்களிலிருந்துதான் வருகிறது. கீழ் லூப்பரும் மேல் லூப்பரும் நுனியில் துளையுள்ள வளைந்த கம்பிகள். நூலைச் சுமந்தபடி அசைபவை. ஊசி அடிவரை இறங்கி மேலே ஏறத் தொடங்கும் கணத்தில் அதன் நூல் சின்ன வளையமாகத் தளர்கிறது. கீழ் லூப்பர் அந்த வளையத்துக்குள் புகுந்து பிடிக்கிறது. மேல் லூப்பர் கீழ் லூப்பரின் நூலைப் பிடித்துக்கொண்டு துணியின் ஓரத்தைச் சுற்றி மேலே வருகிறது. அங்கே ஊசி மறுபடி இறங்கி அதன் நூலைப் பூட்டிவிடுகிறது. இவ்வளவையும் பட்டியலில் எழுத இடமில்லை. ‘ஊசிநூலின் வளையத்துக்குள் புகுந்து நூலைப் பின்னும் வளைந்த கம்பி, நேரம் தவறினாலோ நுனி மழுங்கினாலோ தையல் விட்டுவிட்டு விழும்’ என்று எழுதினால் போதும். தையல் விட்டு விழும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

ஒரே சொல் இரண்டு மூன்று பொருளில் வழங்குவதும் உண்டு. கையேட்டில் நீடில் கேஜ் 2.0 என்றால் இரண்டு ஊசிகளுக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். மெக்கானிக் ‘கேஜ் செட் மாத்தணும்’ என்றால் ஊசித் தட்டு, பல், பாதம் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார். பின்னும் யூனிட்டிலிருந்து வந்தவருக்கு 24 கேஜ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி. மூவரும் ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்கள். அதனால் இந்தச் சொல்லுக்கு மட்டும் மூன்று பொருளையும் தனித்தனியே எண் போட்டு எழுதி, கையேடு சொல்வது எது என்று குறித்துவிட வேண்டும். ஊசி தடிமனை இதோடு குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். பாக்கெட்டில் உள்ள 75/11 என்பது ஒரே ஊசிக்கு இரண்டு முறைகளில் தந்த எண்; 75 என்றால் ஊசித்தண்டின் தடிமன் 0.75 மில்லிமீட்டர்.

எளிமைப்படுத்தக் கூடாத சொற்களும் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும். டேஞ்சர், வார்னிங், காஷன் என்று மூன்று கட்டங்கள் வந்தால் மூன்றையும் ‘எச்சரிக்கை’ என்று எழுதிவிடுவது வழக்கம். இவை வேறு வேறு படிகள். முதலாவது, தவறினால் உயிர் போகும் அல்லது படுகாயம் ஏற்படும் என்று உறுதியாகச் சொல்வது. இரண்டாவது, அப்படி நேரக்கூடும் என்பது. மூன்றாவது, அந்த அளவுக்குப் போகாத சிறு காயம் நேரக்கூடும் என்பது. பட்டியலில் மூன்றுக்கும் தனித்தனி விளக்கம் வேண்டும். அவற்றுக்குக் கீழே உள்ள வாக்கியத்தைச் சுருக்காமல் முழுதாகப் பெயர்த்து எழுத வேண்டும். ‘நூல் கோர்க்கும் முன் சுவிட்சை அணைத்து, மோட்டார் நின்றதா என்று பார்’ என்பதில் பின்பாதி போய்விட்டால் ஆபத்து. கிளட்ச் மோட்டார் சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது பெடலில் கால் பட்டால் ஊசி இறங்கும்.

வரிசை பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அகர வரிசை வேண்டாம். சொல் தெரியாதவர் அகர வரிசையில் எதைத் தேடுவார்? படத்தில் உள்ள எண்ணின் வரிசையில் எழுதினால், பாகத்தைப் பார்த்து எண்ணைப் பிடித்து விளக்கத்துக்கு வந்துவிடலாம். ஆங்கிலப் பெயரை அச்சில் உள்ள எழுத்தோடு அப்படியே விட்டுவிடுங்கள்; ஸ்பேர் கடையில் கேட்கும்போது அதுதான் வேண்டும். பக்கத்தில் லைனில் சொல்லும் பெயர், அடுத்து விளக்கம். அளவுகளை விளக்கத்துக்குள் சேர்க்காமல் கடைசிப் பத்தியில் தனியாக வையுங்கள். டிஃபரன்ஷியல் ஃபீடு, லூப்பர் ஆகியவற்றின் விளக்கம் அடுத்து வாங்கும் மெஷினுக்கும் பொருந்தும். தையல் நீளமும் விகிதமும் பொருந்தாமல் போகலாம். அப்போது அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் அழித்து, புது மாடலின் பெயரைத் தலைப்பில் எழுதி, புதுக் கையேட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.