மூன்று கட்டங்கள், ஒரு நகர்வு

2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் பக்கத்தின் தோற்றம் மாறியது. 2010-இல் தொடங்கியது முதல் சதுரமாகவே இருந்து வந்த சிறுபடங்கள் நெடுக்குவாட்டுச் செவ்வகங்களாயின. ஏற்றப்படும் படங்களிலும் வீடியோக்களிலும் பெரும்பகுதி நெடுக்குவாட்டில் இருப்பதே காரணம் என்று அதன் தலைவர் ஆடம் மொஸ்ஸேரி விளக்கினார். சதுரத்தை நம்பிப் பக்கத்தைக் கட்டியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஒன்பது படங்களைச் சேர்த்தால் ஒரே ஓவியமாகத் தெரியும்படி அடுக்கியிருந்த பக்கங்களில் இணைப்புகள் பிசகின. படத்தின் ஓரம் வரை எழுதியிருந்த கடைப் பெயர்கள் பாதியில் அறுபட்டன.

எவ்வளவு அறுபட்டது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். இப்போதைய சிறுபடத்தின் அகலமும் உயரமும் மூன்றுக்கு நான்கு. 1080 பிக்சல் சதுரப் படத்தை அதில் பொருத்தினால் அகலத்தில் 810 பிக்சல்தான் தெரியும். இரு பக்கமும் 135 பிக்சல் வீதம் மொத்தம் கால் பங்கு மறைந்துவிடும். 1080-க்கு 1350 அளவில் ஏற்றியவர்களுக்கு இழப்பு சொற்பம்: பக்கத்துக்கு ஏறத்தாழ 34 பிக்சல். ரீல்ஸின் அட்டைப் படத்திலோ வெட்டு மேலும் கீழும் விழுகிறது. 1920 பிக்சல் உயரத்தில் நடுவிலுள்ள 1440 மட்டுமே கிரிட்டில் நிற்கும். மேலே 240, கீழே 240 போய்விடும். ரீல்ஸின் தலைப்பை உச்சியில் எழுதுகிறவர்கள் தங்கள் பக்கத்தை ஒருமுறை உருட்டிப் பார்த்தால், தலையில்லாத எழுத்துகள் எத்தனை என்று தெரிந்துவிடும். ஆகவே முகமோ எழுத்தோ பொருளோ, முக்கியமானது நடுவில் இருக்க வேண்டும். பழைய படங்களுக்கு முன்தோற்றத்தைச் சரிசெய்யும் வசதி செயலியிலேயே இருக்கிறது. அதைத் தொட்டு, எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

இது எளிதில் தீரும் சிக்கல். பலரைத் திணறடிப்பது வேறொன்று: புதிய போஸ்ட் ஒவ்வொன்றும் இடது மேல் மூலையில் வந்து உட்காருகிறது. அதற்கு இடம்விட்டு மற்ற எல்லாப் படங்களும் ஓர் இடம் வலப்புறம் நகர்கின்றன. வரிசையின் கடைசிப் படம் அடுத்த வரிசையின் முதல் இடத்துக்கு இறங்குகிறது. இன்று அழகாக அமைந்த அடுக்கு, நாளை ஒரு போஸ்ட் போட்டதும் கலைந்துபோவது இதனால்தான். கிரிட்டைத் திட்டமிடுவது என்றால் இந்த நகர்வைத் தாங்கும் ஒழுங்கைத் தேர்ந்தெடுப்பதுதான்.

மதுரைச் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் இருவகைப் படங்கள் இருக்கின்றன. ஒன்று, வெள்ளைச் சுவரின் முன்னால் விரித்துத் தொங்கவிட்ட முழுச் சேலை. மற்றொன்று, புள்ளிகளும் முடிச்சுத் தடங்களும் தெரியும் நெருக்கப் படம். முழுச் சேலைகள் மூன்று ஒரு வரிசை, நெருக்கப் படங்கள் மூன்று அடுத்த வரிசை என்று அவர் அடுக்கினால் முதல் நாள் கண்ணைப் பறிக்கும். மறுநாள் ஒரு நெருக்கப் படம் ஏற்றியதும் ஒவ்வொரு வரிசையிலும் இரு வகையும் கலந்துவிடும். மூன்று மூன்றாக ஏற்றினால் மட்டுமே இந்த ஒழுங்கு நிற்கும். அன்றாடம் விற்பனை செய்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

அதே படங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக ஏற்றிப் பாருங்கள்: முழுச் சேலை, நெருக்கம், முழுச் சேலை, நெருக்கம். வரிசைக்கு மூன்று கட்டம், மூன்று ஒற்றைப்படை. அதனால் முதல் வரிசை சேலையில் தொடங்கினால் இரண்டாவது நெருக்கத்தில் தொடங்கும், மூன்றாவது மறுபடி சேலையில் தொடங்கும். தானாகவே சதுரங்கப் பலகை உருவாகிறது. எத்தனை போஸ்ட் சேர்த்தாலும் பலகை பலகையாகவே இருக்கும். வெளுப்பும் அடர்வும் இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

மூன்றுக்கு ஒன்று வீதம் ஒரே வகைப் படம் போட்டால், அவை ஒன்றின்கீழ் ஒன்றாக நெடுக்குக் கோடாக நிற்கும். சேலையைத் துவைக்கும் முறை, சாயம் பற்றிய குறிப்பு போன்ற எழுத்துப் படங்களுக்கு இது பொருத்தம். கோடு இன்று இடப்பக்கம், நாளை நடுவில், அடுத்து வலப்பக்கம், பிறகு மீண்டும் இடப்பக்கம் என்று நகரும், உடையாது. நான்குக்கு ஒன்று போட்டால் மூலைவிட்டமாகச் சாய்ந்த கோடு கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு சதுரங்கப் பலகையே போதும். இரண்டே வகைப் படம் எடுத்தால் போதுமென்பதால் அதைத் தொடர்ந்து கடைப்பிடிக்க முடியும்.

தீபாவளித் தள்ளுபடிக்கு ஒரு சிவப்பு விளம்பரம் போட வேண்டியிருக்கிறது. அதை இரண்டு படங்களுக்கு இடையே கூடுதலாகச் செருகாமல், அன்று வரவேண்டிய நெருக்கப் படத்தின் இடத்தில் போட வேண்டும். அடுத்தது முழுச் சேலை. ஒழுங்கு அறுபடாது. ஓரிரு நாளில் முடிந்துவிடும் அறிவிப்பு என்றால் ஸ்டோரியில் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

பின் செய்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2022 முதல் மூன்று போஸ்ட்கள் வரை ப்ரொஃபைலின் உச்சியில் நிறுத்தி வைக்கலாம். பின் செய்யப்பட்ட படம் தன் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டு மேலே போகிறது. பழைய இடத்தில், அதன் இரு பக்கமும் இருந்த நெருக்கப் படங்கள் இரண்டும் அடுத்தடுத்து ஒட்டிக்கொள்கின்றன. கீழே உருட்டும்போது அந்த இடத்திலிருந்து பலகையின் நிற அமைப்பு புரண்டு தெரியும். ஒட்டிய இரண்டில் ஒன்றை ஆர்கைவ் செய்தால் சரியாகிவிடும். படம் அழியாது, திரும்ப எடுத்தால் தன் பழைய தேதிக்குரிய இடத்திலேயே வந்து நிற்கும். மேல்வரிசையில் ஒன்றோ இரண்டோ பின் செய்வதைவிட மூன்றையும் செய்வது நல்லது. முழு வரிசையும் கடையின் அறிமுகமாகிவிடும்: என்ன விற்கிறோம், எப்படி வாங்குவது, வாங்கியவர்கள் உடுத்திய படம். ஒழுங்கு இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்குகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒத்திகை பார்க்கச் செயலிகள் உண்டு. காகிதத் துண்டுகளே போதும். பன்னிரண்டு துண்டுகளில் படத்தின் வகையை எழுதி மூன்று மூன்றாக அடுக்க வேண்டும். பிறகு இடது மூலையில் ஒரு புதிய துண்டு வைத்து எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும், மறுபடி ஒன்று. மூன்று நிலையிலும் ஒழுங்கு தெரிந்தால் அந்தத் திட்டம் நிற்கும். நிஜப் பக்கத்தைச் சோதிக்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கலாம். எங்கே அடர்வு திரண்டு கிடக்கிறது, எந்தப் படம் மட்டும் துருத்துகிறது என்பது நிறங்களின் கவர்ச்சி நீங்கியதும் உடனே புலப்படும்.

ஒரு படத்தை ஒன்பது துண்டாக வெட்டி ஏற்றும் முறையை மட்டும் தவிர்க்கலாம். ஏற்கெனவே பின்தொடர்கிறவர் ப்ரொஃபைலுக்கு வந்து பார்ப்பதில்லை. தன் ஃபீடில்தான் பார்க்கிறார். அவருக்குப் போவது முந்தானையின் ஒரு மூலை, ஒரு துண்டுச் சுவர், பாதி எழுத்து. கிரிட் என்பது புதிதாக வந்து உருட்டிப் பார்க்கிறவருக்கானது. தனிப் படம் எல்லோருக்குமானது. இரண்டும் மோதினால் தனிப் படத்துக்கே முன்னுரிமை தர வேண்டும். சேலை இன்று கடைக்கு வந்துவிட்டதென்றால், பலகையின் முறை வரவில்லை என்று நாளைக்குத் தள்ளாமல் இன்றே ஏற்றிவிடுங்கள்.