இருபத்தைந்து பேர், ஒரே அட்டை

ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவில் ஒரு பிறந்தநாள் அட்டை. அதை விரித்தால் உள்ளே 29.7க்கு 21 சென்டிமீட்டர் இடம். கணக்குப் பிரிவில் 25 பேர் என்றால், ஆளுக்கு ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கிடைக்கும். அச்சிட்ட வாசகம் இருந்தால் அதுவும் குறையும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அந்தச் சதுரத்தில் பெயரோடு சேர்த்து எட்டு, பத்துச் சொற்கள்தான் வசதியாக அடங்கும்.

இடம் வீணாவது பெரும்பாலும் முதல் ஆளிடம்தான். அவர் நடுவில் பெரிதாக “இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்” என்று எழுதிவிடுவார். அடுத்தவர் அதைப் பார்த்து அதையே எழுதுவார். பத்தாவது ஆள் வெறும் கையெழுத்துப் போடுவார். முதலில் எழுதுபவர் ஒரு மூலைக்குப் போய், வாழ்த்துக்குப் பதில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் பின்னால் வருபவர்களும் அப்படியே யோசிப்பார்கள்.

பிறந்தநாள் அந்தப் பிரிவின் மூத்த அக்காவுக்கு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மேசைக்காரர் எழுதலாம்: “மார்ச் கணக்கு முடிப்பில் உங்கள் பொறுமைதான் எங்களைக் காப்பாற்றியது அக்கா!” புதிதாகச் சேர்ந்த பையன்: “ஜிஎஸ்டி என்றால் இப்போது பயமில்லை மேடம், உங்களால்.” இரண்டிலும் ‘வாழ்த்து’ என்ற சொல்லே இல்லை, அட்டையின் முகப்பு அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. அவரிடம் அதிகம் பேசிப் பழகாதவர் நெருக்கம் காட்டி எழுத வேண்டியதில்லை. “மூன்றாம் மாடியிலிருந்து, தினமும் லிஃப்டில் வணக்கம் சொல்பவன்” என்பது உண்மை, அதனால் இனிமை. பேச்சில் அக்கா என்பவர் அட்டையிலும் அக்கா என்றே எழுதட்டும். திடீரென்று ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கினால் சுற்றறிக்கை ஆகிவிடும்.

கேலிதான் கவனிக்க வேண்டிய இடம். தேநீர் வேளையில் சொன்னால், கேட்பவர் முகம் சுளித்ததும் பேச்சை மாற்றிவிடலாம். அட்டையில் அது முடியாது. மற்ற 24 பேரும் படிப்பார்கள். வீட்டுக்குப் போனால் கணவரும் பிள்ளைகளும் படிப்பார்கள். வயது, உடல் எடை, “அடுத்த வருஷம் கல்யாணச் சாப்பாடு” ஆகிய மூன்றும் நட்பாக எழுதப்பட்டே காயப்படுத்துபவை. கேலி செய்தே ஆக வேண்டுமென்றால் அவர் தானே சொல்லிச் சிரிக்கும் ஒன்றை எடுக்கலாம்: “கால்குலேட்டரை இன்றாவது ஒளித்து வைக்காமல் இருங்கள் அக்கா.”

பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும். ஒரே பிரிவில் மூன்று கார்த்திக் இருந்தால் இனிஷியலும் தேவை. பளபளப்புத் தாளில் ஜெல் பேனா மை உடனே காயாது; அட்டையை மூடியதும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பால்பாயின்ட் பேனாவையும் அட்டையோடு சேர்த்துச் சுற்றுக்கு விடுவது நல்லது. விடுப்பில் இருப்பவரிடம் அவர் வரியைப் போனில் கேட்டு, அவர் பெயரில் இன்னொருவர் எழுதலாம். அதற்காக ஓரத்தில் இரண்டு மூன்று சதுரங்களைக் காலியாக விட்டிருக்க வேண்டும்.