மரச்செக்கு எண்ணெய்க்கு என்ன பெயர் வைக்கலாம்?

மரச்செக்கு எண்ணெய் விற்கத் தொடங்குகிறவர்கள் யோசிக்கும் முதல் பெயர்களில் பெரும்பாலும் 'சுத்தம்', 'தூய', 'இயற்கை', 'அசல்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். கலப்படத்துக்குப் பயந்துதான் மக்கள் ரீஃபைண்டு எண்ணெயை விட்டுச் செக்கு எண்ணெய்க்கு வருகிறார்கள். அதனால் அந்த நம்பிக்கையைப் பெயரிலேயே கொடுத்துவிடலாம் என்று தோன்றுவது நியாயமே. ஆனால் அந்தச் சொற்கள் வேலை செய்வதில்லை. பக்கத்துக் கடையிலும் அதே சொல் இருக்கும். ரீஃபைண்டு பாக்கெட்டிலும் இருக்கும். எல்லாரும் சொல்வதால் யார் சொல்வதையும் வாங்குகிறவர் பொருட்படுத்துவதில்லை.

சட்டமும் இதில் குறுக்கே வருகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் கொண்டுவந்த விளம்பர விதிகளின்படி, 'சுத்தமான' என்ற பொருள் தரும் சொல்லை வேறெதுவும் சேர்க்காத ஒற்றைப் பொருளுக்குத்தான் பயன்படுத்தலாம். எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிந்து வரக் கருப்பட்டி சேர்ப்பது செக்குக்காரர்களின் வழக்கம். அந்த நல்லெண்ணெய்க்கு 'சுத்தம்' என்று பெயர் வைத்தால், அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே கருப்பட்டியைப் பற்றியதாக இருக்கலாம். இத்தகைய சொல் பிராண்டு பெயரில் இருந்து, அது வாங்குகிறவரைத் தவறாக எண்ணவைக்கும் என்றால், 'இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது' என்ற பொருளில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் லேபிளில் போட வேண்டும். சுத்தம் என்று மேலே எழுதி, அது வெறும் பெயர்தான் என்று கீழே எழுதிய பாட்டிலை யார் நம்புவார்கள்? 'நூறு சதவீதம்' என்பதையும் தவிர்க்கும்படி 2025 மே மாதம் அந்த ஆணையம் அறிவுறுத்தியது.

இன்னொரு இழப்பும் உண்டு. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம், பொருளின் தன்மையை மட்டும் வர்ணிக்கும் சொல்லை ஒருவருக்கே உரியதாகப் பொதுவாகப் பதிந்து தருவதில்லை. 'தூய செக்கு எண்ணெய்' என்ற பெயரில் பத்து ஆண்டு உழைத்துப் பேர் வாங்கினாலும், அடுத்த தெருக்காரர் அதையே வைத்தால் தடுப்பது கடினம்.

அப்படியானால் தூய்மையை எப்படி உணர்த்துவது? பெயர் தூய்மையைப் பேசக் கூடாது. வாங்குகிறவர் நேரில் வந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைப் பேச வேண்டும். எந்த மரத்துச் செக்கு, எந்த ஊர் விதை, எந்த நாளில் ஆட்டியது என்பவை அப்படிப்பட்டவை.

ஓர் உதாரணம் பார்ப்போம். காங்கேயம் பக்கம் ஒருவர் வாகை மரச்செக்கு வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் நான்கு அளவுகளில் விற்க நினைக்கிறார். மொத்தம் பன்னிரண்டு பாட்டில்களுக்கும் ஒரே குடும்பப் பெயர் வேண்டும்.

முதலில் 'தாரை' என்ற பெயர் வருகிறது. செக்கிலிருந்து எண்ணெய் ஒழுகுவது கண்ணில் தெரிகிற அழகான சொல். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால் பலர் 'தரை' என்று படிக்கிறார்கள். 'தாரை வார்த்துவிட்டான்' என்றால் சொத்தைப் பறிகொடுத்தான் என்றும் பொருள். அது போகட்டும். அடுத்து 'ஆட்டுநாள்'. ஆட்டிய தேதியை லேபிளில் அச்சிடப் போவதால் கருத்து நல்லதுதான். வாய்விட்டுச் சொன்னால் காதில் ஆடுதான் விழுகிறது. அதுவும் போகட்டும்.

மூன்றாவது 'வாகை'. செக்கு வாகை மரத்தில் செய்தது. சந்தேகப்படுகிறவர் வந்து தொட்டுப் பார்க்கலாம். சொல் சின்னது, ஆங்கில எழுத்திலும் சிதையாது. ஆனால் வெற்றி என்ற பொருளும் இருப்பதால் பலருக்கும் பிடித்த சொல். சமையல் எண்ணெய்கள் வரும் 29-ஆம் வகுப்பில் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்காமல் லேபிள் அச்சடிக்கக் கூடாது. அதே எழுத்துக்கோவையை மட்டுமல்லாமல் ஒலியில் ஒத்த பெயர்களையும் தேட வேண்டும். ஏற்கெனவே இருந்தால், தனக்கே உரிய ஒன்றைச் சேர்த்து முழுப் பெயரும் வேறாக ஒலிக்கிறதா என்று பார்க்கலாம். செக்குக் கொட்டகை மேட்டில் இருக்கிறது என்றால் 'மேட்டுவாகை'. அதையும் மறுபடி தேடிப் பார்த்து, தடை இல்லையென்றால் விண்ணப்பிக்கலாம். பெயருக்குக் கீழே ஒரே வரி: 'வாகை மரச்செக்கில் ஆட்டியது'. அதன் அருகில் ஆட்டிய தேதி. இந்த இரண்டும் சொல்கிற தூய்மையை எந்த அடைமொழியும் சொல்லாது.

இனி அளவுகள். இங்கே பலருக்கும் ஆசை காட்டுவது பழைய முகத்தல் அளவுகள். கால் லிட்டருக்கு 'ஆழாக்கு', ஒரு லிட்டருக்கு 'படி' என்று பெயர் வைத்தால் மண்வாசனை வருமே என்பார்கள். ஆனால் ஒரு படி என்பது ஏறக்குறைய 1.34 லிட்டர், ஆழாக்கு அதில் எட்டில் ஒன்று, சுமார் 168 மில்லி. ஊருக்கு ஊர் படியும் மாறும். ஒரு லிட்டர் பாட்டிலில் 'படி' என்று எழுதினால், விவரம் தெரிந்த பெரியவர் எண்ணெய் குறைகிறது என்பார். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், விற்கும் அளவைத் தர அலகுகளைத் தவிர வேறொன்றில் சொல்லக் கூடாது என்கிறது.

'குட்டி', 'செல்வம்', 'மகாராஜா' என்று ஒவ்வோர் அளவுக்கும் புதுப் பெயர் சூட்டுவதும் உதவாது. மூன்று எண்ணெயின் பெயரோடு நான்கு அளவின் பெயரையும் யாரும் நினைவில் வைக்கப் போவதில்லை. மக்கள் ஏற்கெனவே கடையில் கேட்கும் சொற்களே போதும்: கால், அரை. ஆனால் அடுத்ததை 'ஒன்று' என்று எழுதக் கூடாது. 'கடலை எண்ணெய் ஒண்ணு அனுப்புங்க' என்று போனில் சொன்னால் ஒரு பாட்டிலா, ஒரு லிட்டரா? அதனால் அதற்கு 'லிட்டர்' என்றும், ஐந்து லிட்டருக்குக் 'கேன்' என்றும் வைக்கலாம். 'மேட்டுவாகை நல்லெண்ணெய், அரை, ரெண்டு' என்றால் எதிர்முனையில் இருப்பவர் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

லேபிளில் எண்ணெயின் வகையை நிறம் சொல்லட்டும், அளவை எழுத்தும் எண்ணும் சொல்லட்டும். கடலைக்குச் சிவப்பு மூடி என்றால் கால் முதல் கேன் வரை சிவப்பேதான். அளவுக்கும் தனி நிறம் கொடுத்தால் இரண்டு நிறமும் மோதிக் குழப்பும். போனில் தெரியும் படத்தில் அரை லிட்டரும் ஒரு லிட்டரும் ஒரே உயரமாகத் தெரியும் என்பதால், 'அரை' என்ற சொல் பிராண்டு பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். அரை லிட்டர் பாட்டிலை வீட்டுத் தராசில் வைத்து 455 கிராம் என்று கண்டவர் ஏமாந்ததாக நினைப்பார். அதனால் அளவையும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். டின்னில் இது இன்னும் பெரிதாகும்: 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் ஒன்றல்ல. 15 கிலோவில் சுமார் ஒன்றரை லிட்டர் எண்ணெய் கூடுதலாக இருக்கும். சிலவற்றை லிட்டரிலும் சிலவற்றைக் கிலோவிலும் விற்காமல், வரிசை முழுவதையும் லிட்டரிலேயே வைத்தால் விலையை ஒப்பிடுவது எளிது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை போதும். மாதிரி லேபிள் ஒட்டிய பன்னிரண்டு பாட்டில்களையும் மளிகைக் கடை அலமாரியில் கலந்து வைத்து, விஷயம் தெரியாத ஒருவரை ஆறடி தள்ளி நிறுத்தி 'தேங்காய் எண்ணெய் அரை' எடுக்கச் சொல்ல வேண்டும். கை தயங்கினால் எழுத்தின் அளவிலோ நிறத்திலோ கோளாறு.

இப்படி வைத்த பெயருக்கு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. விற்பனை பெருகி, மரச்செக்கு போதாமல் இரும்பு எக்ஸ்பெல்லர் வாங்க வேண்டி வரலாம். அதில் ஆட்டிய முதல் பாட்டில் கடைக்குப் போகும் முன்பே அந்த லேபிளிலிருந்து 'வாகை மரச்செக்கில் ஆட்டியது' என்ற வரியை எடுத்தாக வேண்டும். பெயரிலேயே வாகை இருப்பதால், அந்த எண்ணெய்க்கு வேறு பெயர் தேடுவதே நேர்மை.